ரொக்கக் கணக்கும் மார்ஜின் கணக்கும்: அமெரிக்கப் பங்குச்சந்தையில் கடன் வாங்கிப் பங்கு வாங்கிய வரலாறு

பங்குச்சந்தையில் ஒரு தரகரிடம் கணக்குத் தொடங்குபவர், பங்கின் முழு விலையையும் தன் கையிலிருந்து கொடுத்து வாங்கினால் அவருடைய கணக்கு ரொக்கக் கணக்கு எனப்படுகிறது. விலையின் ஒரு பகுதியை மட்டும் தான் கொடுத்து, மீதியைத் தரகரிடம் கடனாகப் பெற்று, வாங்கிய பங்குகளையே அக்கடனுக்கு ஈடாக வைத்தால் அது மார்ஜின் கணக்கு. வாங்குபவர் கையிலிருந்து போடும் பகுதிக்குத்தான் மார்ஜின் என்று பெயர்.

இன்று அமெரிக்காவில் கணக்குத் தொடங்கும் படிவத்தில் இவ்விரண்டும் அடுத்தடுத்த இரு கட்டங்களாக இருக்கின்றன. அந்த இரு கட்டங்களுக்கும் இடையிலுள்ள கோடு 1934 ஆம் ஆண்டில் சட்டத்தால் போடப்பட்டது. அதற்கு முன்பு எவ்வளவு கடன் கொடுப்பது, எப்போது திருப்பிக் கேட்பது, என்ன வட்டி வாங்குவது ஆகியவை தரகருக்கும் வங்கிக்கும் இடையிலான விஷயங்களாகவே இருந்தன. 1929 ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் அந்த ஏற்பாடு எப்படி உடைந்தது என்பதைப் பார்த்தால், இரு கணக்குகளின் வேறுபாடும் கடனின் உண்மையான விலையும் தெளிவாகும்.

## கடன் வந்த வழி

1920களில் நியூயார்க்கில் பங்கு வாங்கியவருக்கு அவருடைய தரகர் கடன் கொடுத்தார் என்று சொல்வது பாதி உண்மைதான். தரகரிடம் அவ்வளவு பணம் கிடையாது. வாடிக்கையாளரின் பங்குகளை எடுத்துக்கொண்டுபோய் வங்கியில் ஈடாக வைத்து, அங்கே பெற்ற பணத்தைத்தான் அவர் வாடிக்கையாளருக்குத் திருப்பினார். எனவே ஒரே பங்கு இரண்டு கடன்களைத் தாங்கி நின்றது. ஒன்று வாடிக்கையாளர் தரகருக்குத் தர வேண்டியது. மற்றது தரகர் வங்கிக்குத் தர வேண்டியது.

இரண்டாவது கடனுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அது குறிப்பிட்ட தவணைக்கான கடன் அல்ல. வங்கி எந்த வேலைநாளில் கேட்டாலும் அன்றே திருப்பித் தர வேண்டும். இதை அழைப்புக் கடன் என்றும், இதற்கான வட்டிவீதத்தை அழைப்புப் பண வீதம் என்றும் கூறுவர். நியூயார்க் பங்குச்சந்தையின் தளத்திலேயே இதற்கென ஒரு மேசை இருந்தது. முந்தைய நாளின் கடன்கள் என்ன வட்டியில் தொடரும் என்பது காலையில் அங்கே அறிவிக்கப்படும். புதிதாகக் கடன் வாங்குபவருக்கு அன்றைய தேவையைப் பொறுத்து வீதம் ஏறும் அல்லது இறங்கும். அக்காலத்தில் இன்று வாங்கிய பங்குக்கு அடுத்த வேலைநாளே பணம் கட்ட வேண்டியிருந்ததால், தரகர்களுக்கு நாள்தோறும் பணம் தேவைப்பட்டது.

வங்கிகளுக்கு இதைவிட வசதியான கடன் வேறில்லை. ஈடு கையில் இருக்கிறது, அதன் விலை ஒவ்வொரு நிமிடமும் தந்திச் சுருளில் அச்சாகி வருகிறது, வேண்டும்போது பணத்தை எடுத்துக்கொள்ளலாம். 1928 தொடக்கத்தில் 4, 5 சதவீத அளவில் இருந்த வீதம் அவ்வாண்டின் கடைசி நாட்களில் 12 சதவீதத்தைத் தொட்டது. இதைப் பார்த்து வங்கி அல்லாதவர்களும் வந்தார்கள். ஸ்டாண்டர்ட் ஆயில் ஆஃப் நியூஜெர்சி போன்ற தொழில் நிறுவனங்கள் தங்கள் உபரிப் பணத்தைத் தொழிலில் போடாமல் அழைப்புக் கடனில் போட்டன. எண்ணெய் எடுப்பதைவிடத் தரகருக்குக் கடன் கொடுப்பது சுலபமான வருமானமாகத் தெரிந்தது. 1929 இல் இப்படி வங்கிகளுக்கு வெளியிலிருந்து வந்த பணம், வங்கிகள் தாமாகக் கொடுத்த பணத்தை மிஞ்சிவிட்டது. நியூயார்க் பங்குச்சந்தை உறுப்பினர்களின் மொத்தக் கடன் 1927 இறுதியில் சுமார் 440 கோடி டாலராக இருந்தது. 1929 அக்டோபர் 1 ஆம் தேதி அது சுமார் 850 கோடி டாலர்.

இந்தப் பெருக்கத்தைப் பார்த்துக் கவலைப்பட்ட ஃபெடரல் ரிசர்வ், உறுப்பு வங்கிகள் தன்னிடம் மலிவாகப் பணம் பெற்றுப் பங்குச்சந்தைக்குத் திருப்பிவிடக் கூடாது என்று 1929 பிப்ரவரியில் எச்சரித்தது. அடுத்த மாதம் வங்கிகள் கையை இறுக்கின. மார்ச் 26 அன்று அழைப்புப் பண வீதம் 20 சதவீதத்துக்குப் பாய்ந்தது. பங்கு விலைகள் சரிந்தன. அப்போது நேஷனல் சிட்டி வங்கியின் தலைவர் சார்லஸ் மிட்செல், தம் வங்கி 2.5 கோடி டாலர் வரை சந்தைக்குக் கடன் தரும் என்று அறிவித்தார். வீதம் இறங்கியது, விலைகள் மீண்டன. மிட்செல் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் இயக்குநர்களில் ஒருவராகவும் இருந்தார் என்பது இதில் கவனிக்க வேண்டியது. ஒரு கையால் மூடப்பட்ட கதவை அவரே மறு கையால் திறந்தார் என்று செனட்டர் கார்ட்டர் கிளாஸ் போன்றவர்கள் கடுமையாகச் சாடினர்.

## வட்டி எவ்வளவு வலித்தது?

20 சதவீத வட்டி என்றால் கேட்பவருக்குத் திகைப்பாக இருக்கும். ஆனால் அது ஆண்டு வீதம். கடனோ நாள் கணக்கில் ஓடுவது. இந்த இடத்தில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

ஒருவர் 1929 இல் 100 டாலர் விலையில் 100 பங்குகள் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்த விலை 10,000 டாலர். அக்காலத்தில் எல்லோரும் 10 சதவீதம் மட்டும் கட்டிப் பங்கு வாங்கினார்கள் என்று பல நூல்களில் காணலாம். அது மிகைப்படுத்தல். 1929 இல் பெயர்பெற்ற தரகு நிறுவனங்கள் பல, 25 முதல் 50 சதவீதம் வரை கேட்டன. நம் வாடிக்கையாளர் 30 சதவீதம் கட்டுகிறார் எனக் கொள்வோம். அவர் போட்டது 3,000 டாலர், கடன் 7,000 டாலர்.

அழைப்புப் பண வீதம் 8 சதவீதம். தரகர் தம் பங்குக்கு ஒரு சதவீதம் கூட்டி 9 சதவீதம் வாங்குகிறார். ஆண்டு முழுதும் கடன் அப்படியே இருந்தால் வட்டி 630 டாலர். பங்குகள் 3 சதவீத ஈவுத்தொகை தந்தால் அதில் 300 டாலர் ஈடாகும். மீதி 330 டாலர் அவர் கையிலிருந்து போகிறது. மொத்த விலையோடு ஒப்பிட்டால் இது 3.3 சதவீதம். ஆனால் அவர் போட்ட 3,000 டாலரோடு ஒப்பிட்டால் 11 சதவீதம். பங்கு விலை ஓராண்டில் 103 டாலர் 30 சென்ட் ஆனால்தான் அவர் இலாபமுமின்றி நட்டமுமின்றி நிற்பார். முழுப் பணம் கட்டி வாங்கியவரோ, விலை அசையாமல் 100 டாலரிலேயே நின்றாலும் 300 டாலர் ஈவுத்தொகையோடு இருப்பார். அசையாத சந்தையில் ஒருவர் சம்பாதிக்கிறார், மற்றவர் இழக்கிறார்.

இப்போது மார்ச் 26 ஆம் தேதியை எடுத்துக்கொள்வோம். அன்று 20 சதவீதம் என்ற வீதத்தை அப்படியே வாடிக்கையாளர் தலையில் வைத்தாலும், 7,000 டாலர் கடனுக்கு ஒரு நாள் வட்டி 3 டாலர் 89 சென்ட். 9 சதவீதத்தில் அது 1 டாலர் 75 சென்ட். வேறுபாடு இரண்டு டாலரைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். பங்கு விலை ஒரு நாளில் ஐந்து டாலர் ஏறும் என்று நம்புபவர், அதாவது 500 டாலர் எதிர்பார்ப்பவர், இரண்டு டாலருக்காகப் பங்கை விற்கமாட்டார். 1928, 1929 இல் வட்டி ஏறியும் ஊக வாணிகம் அடங்காததற்கு இந்த எளிய கணக்கே பெரும் காரணம் என்பது என் கருத்து. மார்ச்சில் சந்தையை நடுங்க வைத்தது வட்டியின் சுமை அல்ல. வங்கி பணத்தையே திருப்பிக் கேட்டுவிடுமோ என்ற அச்சம்தான்.

## 1929 அக்டோபர்

டோ ஜோன்ஸ் தொழிற்துறைச் சுட்டெண் 1929 செப்டம்பர் 3 அன்று 381.17 என்ற உச்சத்தில் முடிந்தது. பிறகு மெல்ல இறங்கி, அக்டோபர் 24, வியாழக்கிழமை, ஒரே நாளில் ஏறத்தாழ 1.29 கோடிப் பங்குகள் கைமாறின. தந்திச் சுருள் பல மணி நேரம் பின்தங்கியது. சந்தை பிற்பகல் மூன்று மணிக்கு மூடிய பிறகும் இரவு ஏழு மணி கடந்தும் அன்றைய விலைகள் அச்சாகிக்கொண்டிருந்தன.

மார்ஜின் கணக்கு வைத்திருந்தவருக்கு இந்தத் தாமதம் என்ன செய்தது என்பதைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தரகு நிறுவனத்திலும் மார்ஜின் எழுத்தர்கள் என்று ஒரு பிரிவினர் இருந்தனர். அன்றைய முடிவு விலையை வைத்து ஒவ்வொரு வாடிக்கையாளரின் பங்குகளும் இப்போது எவ்வளவு பெறும், கடன் எவ்வளவு, நடுவில் மிஞ்சும் சொந்த முதல் எவ்வளவு என்று கையால் கணக்கிடுவது அவர்களின் வேலை. சொந்த முதல் நிறுவனம் வைத்திருக்கும் அளவுக்குக் கீழே போனால், மேலும் பணம் கட்டும்படி வாடிக்கையாளருக்குத் தந்தியோ தொலைபேசியோ போகும். இதுவே மார்ஜின் அழைப்பு. அக்டோபர் இரவுகளில் இந்த அறைகளில் விளக்கு அணையவில்லை.

முன்பு பார்த்த வாடிக்கையாளருக்கே வருவோம். பங்கின் மதிப்பில் குறைந்தது 20 சதவீதம் சொந்த முதலாக இருக்க வேண்டும் என்பது அவர் தரகரின் விதி என்க. அவர் கடன் 7,000 டாலர். கடன் 80 சதவீதமாக இருக்கும் இடம் எது? பங்குகளின் மதிப்பு 8,750 டாலராக இறங்கும்போது, அதாவது ஒரு பங்கு 87 டாலர் 50 சென்ட் ஆகும்போது, அழைப்பு வரும். விலை 80 ஆனால் பங்குகளின் மதிப்பு 8,000, சொந்த முதல் வெறும் 1,000. அதை 20 சதவீதமாக்க அவர் உடனே 600 டாலர் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் தரகர் அடுத்த நாள் காலை கிடைத்த விலைக்குப் பங்குகளை விற்றுக் கடனைக் கழித்துக்கொள்வார். விலை 70 ஆனால் விற்ற பணம் முழுதும் கடனுக்கே சரியாகும். விலை 60 ஆன பிறகு விற்றால் 6,000 தான் வரும். போட்ட 3,000 டாலரும் போனதோடு, இன்னும் 1,000 டாலர் தரகருக்குக் கடனாக நிற்கும்.

இது கற்பனையான சரிவு அல்ல. சுட்டெண் அக்டோபர் 28 திங்களன்று 260.64 ஆகவும், மறுநாள் செவ்வாய்க்கிழமை 230.07 ஆகவும் முடிந்தது. உச்சத்திலிருந்து ஏறத்தாழ 40 சதவீத இறக்கம். 100 டாலர் பங்கு சராசரியாக 60 ஆன கணக்கு அது. செவ்வாய்க்கிழமை மட்டும் சுமார் 1.64 கோடிப் பங்குகள் விற்கப்பட்டன. அவற்றில் பல யாரும் விரும்பி விற்றவை அல்ல. ஒருவரின் ஈட்டைத் தரகர் விற்க, அதனால் விலை இறங்க, அந்த இறக்கம் அடுத்தவரின் கணக்கை அழைப்பு எல்லைக்குத் தள்ளியது. காலையில் கூடுதல் பணம் கட்டியவருக்கு மாலையில் மீண்டும் அழைப்பு வந்தது.

இந்த வாரத்தில் அழைப்புப் பண வீதம் மார்ச்சைப் போலத் தாவவில்லை என்பதுதான் வியப்பு. தொழில் நிறுவனங்களும் நியூயார்க்குக்கு வெளியே இருந்த வங்கிகளும் பணத்தைத் திரும்பப் பெற அவசரப்பட்டன. அவர்கள் விட்டுச்சென்ற இடத்தில் நியூயார்க் வங்கிகள் சுமார் 100 கோடி டாலர் கடனைத் தாம் ஏற்றுக்கொண்டன. ஜார்ஜ் ஹாரிசன் தலைமையிலிருந்த நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கி அரசுப் பத்திரங்களை வாங்கி அவ்வங்கிகளுக்குப் பணம் கிடைக்கச் செய்தது. அதனால் வட்டி ஏறவில்லை. ஆயினும் ஆயிரக்கணக்கான கணக்குகள் அழிந்தன. 20 சதவீத வட்டியில் தப்பித்தவர்கள் 6 சதவீத வட்டியில் அழிந்தார்கள். ஆண்டின் முடிவில் தரகர்களின் கடன் 400 கோடி டாலராகச் சுருங்கியிருந்தது.

முழுப் பணம் கட்டி வாங்கியவர் என்ன ஆனார்? அவருக்குத் தந்தி வரவில்லை. பங்குப் பத்திரம் அவர் பெட்டியில் இருந்தது. விற்பதா காத்திருப்பதா என்பதை அவரே தீர்மானித்தார். ஆனால் காத்திருந்தவர் பிழைத்தார் என்று உடனே முடிவுகட்டக் கூடாது. சுட்டெண் 1932 ஜூலை 8 அன்று 41.22 வரை இறங்கியது. 381 என்ற பழைய உச்சத்தை அது மீண்டும் எட்டியது 1954 நவம்பரில்தான். ரொக்கக் கணக்கு ஒருவரை நட்டத்திலிருந்து காப்பதில்லை. பிறர் குறிக்கும் நாளில் விற்க வேண்டிய கட்டாயத்திலிருந்து மட்டுமே காக்கிறது. போட்ட பணத்துக்கு மேல் இழக்கவும் அதில் வழியில்லை.

## கோடு போட்ட சட்டம்

1934 ஜூன் 6 அன்று குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட பங்குப் பரிவர்த்தனைச் சட்டத்தின் ஏழாம் பிரிவு, பங்கின் மேல் எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்று வரையறுக்கும் அதிகாரத்தை ஃபெடரல் ரிசர்வ் வாரியத்திடம் ஒப்படைத்தது. புதிதாக அமைந்த பங்குப் பரிவர்த்தனை ஆணையத்திடம் இதைக் கொடுக்காததற்குக் காரணம் உண்டு. சட்டம் இயற்றியவர்களில் பலரின் கவலை பங்கு வாங்கும் தனிமனிதரைப் பற்றியதை விட, நாட்டின் கடன்பணம் தொழிலையும் வேளாண்மையையும் விட்டுப் பங்குச்சந்தைக்கு ஓடுவதைப் பற்றியதாக இருந்தது. வாரியம் அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் தரகர்களுக்காக நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிகளே ஒழுங்குவிதி டி எனப்படுபவை. வங்கிகளுக்கான ஒழுங்குவிதி யூ 1936 இல் வந்தது.

ஒழுங்குவிதி டி மார்ஜின் கணக்கைக் கட்டுப்படுத்தியதோடு, ரொக்கக் கணக்கு எது என்பதையும் முதன்முறையாக வரையறுத்தது. இது முதலில் விந்தையாகத் தோன்றலாம். கடனே இல்லாத கணக்குக்கு விதி எதற்கு? வாங்கும் நாளுக்கும் பணம் கட்டும் நாளுக்கும் இடையில் சில நாட்கள் இருக்கின்றன. அந்த இடைவெளியே ஒரு வட்டியில்லாக் கடன். கையில் காசில்லாமல் திங்களன்று 5,000 டாலருக்கு வாங்கி, மறுநாள் 5,400 டாலருக்கு விற்று, விற்ற பணத்தைக் கொண்டே வாங்கிய கடனை அடைத்து 400 டாலரைப் பையில் போட்டுக்கொள்ளலாம். மார்ஜின் கணக்கை எவ்வளவு இறுக்கினாலும் இந்தச் சந்து திறந்திருந்தால் பயனில்லை. ஆகவே ரொக்கக் கணக்கில் வாங்கியதற்கு முழுப் பணத்தையும் குறித்த நாட்களுக்குள் கட்ட வேண்டும் என்றும், கட்டாமல் விற்றால் அக்கணக்கு 90 நாட்கள் முடக்கப்படும் என்றும் விதி ஏற்பட்டது. முடக்கம் என்றால் கணக்கு மூடப்படுவதில்லை. அந்த 90 நாட்களும் முன்கூட்டியே பணம் இருந்தால்தான் வாங்க முடியும். இந்த விதி இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பணம் கைமாறும் காலம் 1995 இல் மூன்று வேலைநாட்களாகவும், 2017 இல் இரண்டாகவும், 2024 மே 28 முதல் ஒன்றாகவும் குறைக்கப்பட்டுள்ளது. நூறாண்டு சுற்றிச் சந்தை 1920களின் வழக்கத்துக்கே திரும்பி வந்திருக்கிறது.

மார்ஜின் அளவை ஃபெடரல் ரிசர்வ் பலமுறை மாற்றியது. அவற்றுள் ஒன்று தனியே குறிப்பிடத்தக்கது. போருக்குப் பின் விலைவாசி ஏறும் என்ற அச்சத்தில் 1946 ஜனவரியில் அது மார்ஜினை 100 சதவீதமாக்கியது. அதாவது புதிதாகக் கடனில் பங்கு வாங்குவதே நின்றது. 1947 பிப்ரவரி வரை, ஓராண்டுக்கு மேல், வாங்குபவர்களைப் பொறுத்தவரை நாடு முழுதும் ரொக்கக் கணக்குதான். ஆயினும் அந்த 1946 மே இறுதியில் 212 ஆக இருந்த டோ ஜோன்ஸ் சுட்டெண் அக்டோபரில் 163 ஆக இறங்கியது. கடன் இல்லாவிட்டால் சரிவு இருக்காது என்று நம்பியவர்களுக்கு இது ஒரு பதில். எனினும் 1929 இன் கட்டாய விற்பனைச் சங்கிலி அவ்வாண்டு உருவாகவில்லை.

1974 ஜனவரியில் மார்ஜின் 50 சதவீதமாக்கப்பட்டது. அதன் பிறகு அது மாற்றப்படவே இல்லை.

## இன்றைய கணக்கும் இன்றைய வட்டியும்

50 சதவீதம் என்பது வாங்கும் நாளுக்கு மட்டும் உரிய விதி. வாங்கிய பிறகு சொந்த முதல் எவ்வளவு இறங்கலாம் என்பதை ஃபெடரல் ரிசர்வ் சொல்வதில்லை. தரகர்களின் சுயஒழுங்கு அமைப்பான ஃபின்ராவின் விதிப்படி அது 25 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. தரகர்கள் பலர் 30 அல்லது 40 சதவீதம் கேட்கின்றனர். ஏற்றத்தாழ்வு மிகுந்த பங்குகளுக்கு அதற்கு மேலும் கேட்பதுண்டு.

100 டாலர் விலையில் 200 பங்குகள் வாங்குபவர் 10,000 டாலர் கட்டி 10,000 டாலர் கடன் பெறுகிறார் எனக் கொள்வோம். 25 சதவீத விதிப்படி, பங்குகளின் மதிப்பு 13,333 டாலராகும்போது, அதாவது ஒரு பங்கு 66 டாலர் 67 சென்ட் ஆகும்போது அழைப்பு வரும். தரகர் 30 சதவீதம் கேட்டால் 71 டாலர் 43 சென்டிலேயே வந்துவிடும்.

வட்டி நாள்தோறும் கணக்கிடப்பட்டு மாதம் ஒருமுறை கடனோடு சேர்க்கப்படுகிறது. ஆண்டுக்கு 360 நாள் என்று வகுப்பது பரவலான வழக்கம். வீதம் 8 சதவீதம் என்றால்:

```
10000 × 0.08 ÷ 360 = 2.22   (ஒரு நாள்)
2.22... × 365     = 811.11 (ஓர் ஆண்டு)
```

360 ஆல் வகுத்துவிட்டு 365 நாளுக்கும் வாங்குவதால், 8 சதவீதம் என்று அறிவிக்கப்பட்டது உண்மையில் 8.11 சதவீதமாகிறது. மாதந்தோறும் சேரும் வட்டிக்கு வட்டி இதற்கு மேல். இதில் மோசடி எதுவும் இல்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். நுகர்வோர் கடனுக்கான 1968 ஆம் ஆண்டின் உண்மை வட்டிச் சட்டத்திலிருந்து தரகர்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டிருந்ததால், மார்ஜின் கடனின் வட்டி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை வாடிக்கையாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று பங்குப் பரிவர்த்தனை ஆணையம் 1969 இல் தனி விதி செய்தது. மாத அறிக்கையில் கடன் நிலுவை, வீதம், நாட்கள் ஆகிய மூன்றையும் தேடி எடுத்துப் பெருக்கிப் பார்த்தால் தொகை சரியா என்பது தெரிந்துவிடும்.

வட்டி செலவு மட்டுமல்ல, அது அழைப்பு எல்லையையும் நகர்த்துகிறது. மேற்கண்டவர் ஓராண்டு வட்டியைக் கட்டாமல் கடனில் ஏறவிட்டால், வட்டிக்கு வட்டியைச் சேர்க்காமலே கடன் 10,811 டாலராகும். 25 சதவீத எல்லை 66 டாலர் 67 சென்டிலிருந்து 72 டாலர் 7 சென்டுக்கு ஏறிவிடும். பங்கு விலை சிறிதும் இறங்காமலேயே, ஆபத்து அவரை நோக்கி ஐந்து டாலருக்கு மேல் நெருங்கி வந்திருக்கும்.

அறிவிக்கப்படும் வீதம் ஒவ்வொரு தரகரிடமும் வேறுபடும். பழைய அழைப்புப் பண வீதமோ அதைப்போன்ற வேறொன்றோ அடிப்படையாக இருக்க, கடன் சிறிதானால் அதற்கு மேல் அதிகமும் பெரிதானால் குறைவும் கூட்டுவர். ஆகவே சிறிய வர்த்தகரே அதிக வட்டி கட்டுகிறார். அழைப்பு விடுத்து அவகாசம் தருவதும் தரகரின் வழக்கம்தானே தவிரக் கடமை அல்ல. அறிவிக்காமலே விற்கலாம் என்று இன்றைய மார்ஜின் ஒப்பந்தங்கள் கூறுகின்றன.

வட்டிப் பட்டியலில் வராத ஒரு செலவும் உண்டு. மார்ஜின் கணக்கிலுள்ள பங்குகளை, கடனின் 140 சதவீத மதிப்பு வரை, தரகர் மறு அடமானம் வைக்கவோ பிறருக்கு இரவல் தரவோ முடியும். இரவலில் போன பங்குக்கு வாக்குரிமை இல்லை. அதன் ஈவுத்தொகைக்குப் பதிலாக வரும் தொகைக்கு, ஈவுத்தொகைக்குரிய குறைந்த வருமான வரி வீதமும் கிடைப்பதில்லை. ரொக்கக் கணக்கின் பங்குகளை உரிமையாளரின் தனி ஒப்புதலின்றி இப்படி எடுக்க முடியாது.

அந்த இரவல் பங்குகளைப் பெறுபவர், விலை இறங்கும் என்று எதிர்பார்த்துத் தன்னிடம் இல்லாத பங்கை முதலில் விற்பவர். கடன் அவருக்குப் பணமாக அல்லாமல் பங்காக வருவதால், இந்த விற்பனையை ரொக்கக் கணக்கில் செய்யவே முடியாது. எளிதில் கிடைக்கும் பங்குக்கு இரவல் கட்டணம் மிகச் சிறியது. எல்லோரும் தேடும் அரிய பங்குக்கு அது மார்ஜின் வட்டியையும் தாண்டிப் பல மடங்கு ஏறும், நாளுக்கு நாள் மாறும். இரவல் காலத்தில் வரும் ஈவுத்தொகையையும் அவரே தன் கையிலிருந்து பங்கின் உரிமையாளருக்குக் கட்ட வேண்டும்.